ஆஃபர் லெட்டரில் ஒளிந்திருக்கும் தேதிகள்

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் கண் முதலில் தேடுவது ஆண்டுச் சம்பளத் தொகையைத்தான். அது முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருக்கும். அந்தத் தொகையில் எவ்வளவு கைக்கு வரும், எந்த மாதம் வரும், வந்ததில் எதைத் திருப்பிக் கொடுக்க நேரும் என்பதையெல்லாம் முடிவு செய்யும் வரிகள் மூன்றாம் பக்கத்துக்கு அப்பால் சின்ன எழுத்தில் கிடக்கும். புரொபேஷன், நோட்டீஸ் பீரியட், வேரியபிள் பே, கிளாபேக் என்ற நான்கும் அங்கே தனித்தனிப் பத்திகளாக இருக்கும். தனித்தனியாகப் படித்தால் எதுவும் உறுத்தாது. நான்கையும் ஒரே நாள்காட்டியில் குறித்துப் பார்க்கும்போதுதான் அவை ஒன்றையொன்று எப்படி இறுக்குகின்றன என்பது தெரியும்.

இதை விளக்க ஒரு மாதிரிக் கடிதத்தை எடுத்துக்கொள்ளலாம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனம். ஐந்து ஆண்டு அனுபவமுள்ள பொறியாளர் ஒருவருக்கு 16 லட்சம் ரூபாய் சி.டி.சி. தருவதாகச் சொல்கிறது. சேர வேண்டிய நாள் செப்டம்பர் 1. புரொபேஷன் ஆறு மாதம். நோட்டீஸ் புரொபேஷன் காலத்தில் 30 நாள், பிறகு 90 நாள். வேரியபிள் பே சி.டி.சி.யில் 12 சதவீதம். ஜாயினிங் போனஸ் ஒன்றரை லட்சம்; 12 மாதத்துக்குள் வேலையை விட்டால் அதைத் திருப்பித் தர வேண்டும். நிறுவனமும் பொறியாளரும் கற்பனை. ஆனால் இந்த விதிகள் இந்திய ஐ.டி. துறையில் அன்றாடம் கையெழுத்தாகிறவை.

16 லட்சம் எங்கே போகிறது

சி.டி.சி. என்பது ஓர் ஊழியருக்காக நிறுவனம் ஓராண்டில் செலவிடும் மொத்தத் தொகை. சம்பளம் அதில் ஒரு பகுதிதான். மாதிரிக் கடிதத்தின் 16 லட்சத்தில் வேரியபிள் பே 1,92,000 ரூபாய். ஜாயினிங் போனஸ் 1,50,000. நிறுவனத்தின் பங்காகப் பி.எஃப். கணக்கில் கட்டப்படுவது மாதம் 1,800 வீதம் 21,600. கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவதாகக் காட்டப்படுவது 28,846. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் 7,554. இவை எல்லாவற்றையும் கழித்தால் எஞ்சுவது 12 லட்சம், அதாவது மாதம் ஒரு லட்சம். அதிலிருந்தும் ஊழியரின் பங்குப் பி.எஃப்., தொழில் வரி, வருமான வரி ஆகியவை பிடிக்கப்பட்ட பிறகுதான் வங்கிக் கணக்குக்குப் பணம் வரும்.

இதில் இரண்டு இனங்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதலாவது கிராஜுவிட்டி. நிரந்தர ஊழியருக்கு ஐந்து ஆண்டு தொடர் பணி முடிந்தால்தான் அது பொதுவாகக் கிடைக்கும். ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் என்பது கணக்கு. மாதத்தை 26 நாளாக வைத்து அந்த 15 நாளைக் கணக்கிடுவார்கள். மாதிரிக் கடிதத்தில் பேசிக் 50,000 என்பதால் ஓராண்டுக்கு 28,846 வருகிறது. மூன்றாம் ஆண்டில் கிளம்பிவிடுகிறவருக்கு அந்தத் தொகை தாளில் இருந்த எண்ணாகவே போய்விடும். இரண்டாவது ஜாயினிங் போனஸ். முதல் ஆண்டில் ஒரே ஒருமுறை தரும் தொகையை ஆண்டுச் சம்பளத்துக்குள் சேர்த்துக் காட்டும்போது சி.டி.சி. ஒன்றரை லட்சம் கூடுதலாகத் தெரிகிறது. அடுத்த ஆண்டு சம்பள உயர்வுக்கு முன் இவரது உண்மையான சி.டி.சி. பதினான்கரை லட்சம்தான். இன்னொரு நிறுவனத்தின் கடிதத்தோடு ஒப்பிடுகிறவர் இரண்டிலும் மாதச் சம்பளத்தை வைத்து ஒப்பிடுவதே நியாயமான கணக்கு.

புரொபேஷன்

புரொபேஷன் காலத்தில் நிறுவனம் ஊழியரைச் சோதித்துப் பார்க்கிறது. சட்டப்படி அதன் முக்கிய விளைவு, வேலையிலிருந்து அனுப்புவது எளிதாக இருக்கும் என்பதே. குறுகிய நோட்டீஸ் கொடுத்தோ, அதற்கான சம்பளத்தைக் கொடுத்தோ நிறுவனம் உறவை முறித்துக்கொள்ளலாம். 30 நாள் நோட்டீஸ் இரு பக்கத்துக்கும் பொருந்துகிறதா என்பதைக் கடிதத்தில் பார்க்க வேண்டும். சில கடிதங்களில் ஊழியர் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும், நிறுவனமோ அன்றைக்கே அனுப்பலாம் என்று இருக்கும்.

இதைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியது, புரொபேஷன் எப்போது முடிகிறது என்பது. ‘எழுத்துமூலம் உறுதிசெய்யப்படும்வரை புரொபேஷன் தொடரும்’ என்று ஒரு வரி இருந்தால், ஆறு மாதம் கடந்தாலும் கடிதம் வராதவரை அவர் புரொபேஷனில்தான் இருக்கிறார் என்று நிறுவனம் வாதிட முடியும். 1968இல் பஞ்சாப் அரசு ஊழியர்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியை ஆராய்ந்தது. இதற்கு மேல் நீட்டிக்கவே முடியாது என்று விதி ஓர் உச்ச வரம்பை வைத்திருந்து, அதைத் தாண்டியும் ஒருவர் வேலையில் தொடர்ந்தால் அவர் உறுதிசெய்யப்பட்டவராகவே கருதப்படுவார் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். உச்ச வரம்பு இல்லாத இடத்தில் அப்படிக் கருத இடமில்லை. ஆகவே ‘ஆறு மாதம், தேவைப்பட்டால் மேலும் மூன்று மாதம்வரை’ என்ற வாசகத்துக்கும் ‘ஆறு மாதம், தேவைப்பட்டால் நீட்டிக்கப்படலாம்’ என்ற வாசகத்துக்கும் இடையிலான வேறுபாடு சாதாரணமானதல்ல.

தமிழ்நாட்டில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றிய ஒருவரைத் தக்க காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தராமலும் வேலையிலிருந்து நீக்க முடியாது. முறையான விசாரணையில் நிரூபணமான ஒழுங்கீனத்துக்கு மட்டும் நோட்டீஸ் தேவையில்லை. நீக்கப்பட்டவர் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பெயரளவில் ‘மேனேஜர்’ என்ற பதவியை ஏற்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். மற்றபடி 41ஆம் பிரிவு எண்ணுவது பணியாற்றிய மாதங்களை. உறுதிக் கடிதம் வந்ததா என்ற கேள்வி அதில் எழுதப்படவில்லை.

நோட்டீஸ் பீரியட்

புரொபேஷன் முடிந்த அன்றே நோட்டீஸ் 30 நாளிலிருந்து 90 நாளாகிவிடும். பேப்பர் போடுகிறவருக்கும் அவரை எடுத்துக்கொள்ள இருக்கும் அடுத்த நிறுவனத்துக்கும் இந்த மூன்று மாதம் பெரிய தலைவலி. மூன்று மாதம் காத்திருக்க முடியாது என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு. அப்போதுதான் பையவுட் பேச்சு வருகிறது: மிச்ச நாட்களுக்கான பணத்தைக் கட்டிவிட்டுக் கிளம்புவது.

பையவுட் தொடர்பாகக் கடிதத்தில் தேட வேண்டியவை இரண்டு. ஒன்று, அது ஊழியரின் உரிமையா, நிறுவனத்தின் தயவா. ‘90 நாள் நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான ஊதியம்’ என்று நேராக எழுதியிருந்தால் ஊழியர் பணத்தைக் கட்டிவிட்டுப் போகலாம். அதே வரிக்குப் பின்னால் ‘நிறுவனத்தின் முழு விருப்பத்துக்கு உட்பட்டு’ என்று ஒட்டியிருந்தால் பணத்தை நீட்டினாலும் மறுக்கலாம். இரண்டாவது, எந்த ஊதியத்தின் அடிப்படையில் கணக்கு. மாதிரிக் கடிதத்தின் பொறியாளர் 30 நாள் வேலை பார்த்துவிட்டு மீதி 60 நாளுக்குப் பணம் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். பேசிக் சம்பளப்படி என்றால் ஒரு லட்சம். மொத்த மாதச் சம்பளப்படி என்றால் இரண்டு லட்சம். ‘ஊதியம்’ என்று மட்டும் எழுதிவிட்டு விளக்கம் தராத கடிதங்களில் சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு காலத்தில் பல நிறுவனங்கள் இந்தப் பையவுட் தொகைக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் சேர்த்துப் பிடித்தன. 2022 ஆகஸ்டில் மத்திய மறைமுக வரிகள், சுங்க வாரியம் சுற்றறிக்கை வெளியிட்டு, இத்தகைய தொகைக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று தெளிவுபடுத்திவிட்டது. இன்றைக்கும் பழைய கடித மாதிரியை அப்படியே நகலெடுத்து அனுப்பும் நிறுவனம் இருந்தால் அந்த வரியை நீக்கச் சொல்லலாம்.

நோட்டீஸ் பத்தியின் கடைசியில் பெரும்பாலும் ஒரு குட்டி வாக்கியம் இருக்கும்: ‘நிறுவனம் விரும்பினால் நோட்டீஸ் காலம் முடியும் முன்பே விடுவிக்கலாம்.’ படிக்க நல்லதாகவே தோன்றும். விடுவித்த பிறகு மிச்ச நாளுக்குச் சம்பளம் உண்டா என்று அதில் சொல்லியிருக்காது. அதோடு கடைசிப் பணிநாளை முன்னால் இழுக்கும் அதிகாரம் நிறுவனத்தின் கைக்குப் போகிறது. கிளாபேக் விதியோடு சேரும்போது இந்த அதிகாரத்தின் விலை புரியும்.

வேரியபிள் பே

கடிதத்தில் 1,92,000 என்று இருப்பது இலக்குத் தொகை. எல்லாம் சரியாக அமைந்தால் கிடைக்கக்கூடியது என்று பொருள். உண்மையில் எவ்வளவு என்பதை வழக்கமாக இரண்டு பெருக்கெண்கள் முடிவு செய்யும்: நிறுவனம் அந்த ஆண்டு எவ்வளவு சாதித்தது, ஊழியரின் தனிப்பட்ட மதிப்பீடு என்ன.

மாதிரிப் பொறியாளர் செப்டம்பரில் சேர்கிறார். நிறுவனத்தின் ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஆகவே முதல் ஆண்டில் அவருக்கு ஏழு மாதக் கணக்குதான். 1,92,000இல் பன்னிரண்டில் ஏழு பங்கு 1,12,000. நிறுவனம் இலக்கில் 80 சதவீதம் எட்டியது என்றால் அது 89,600 ஆகும். தனிப்பட்ட மதிப்பீட்டுக்கு 90 சதவீதம் கிடைத்தால் 80,640. சேரும்போது மனத்தில் பதிந்த எண்ணில் பாதிகூட இல்லை. இதற்காக யாரையும் ஏமாற்று என்று சொல்ல முடியாது, கணக்கு அப்படி. சில நிறுவனங்களில் ஒரு குறிப்பிட்ட மாதத்துக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்த ஆண்டு வேரியபிளே கிடையாது. அந்த விதி கடிதத்தில் இல்லாமல் நிறுவனக் கொள்கை ஆவணத்தில் இருப்பது வழக்கம்.

இலக்கு, பெருக்கெண் எல்லாவற்றையும்விட ஊழியர்களை அதிகம் அடிப்பது வேறொன்று. மார்ச்சில் முடிந்த ஆண்டுக்கான வேரியபிள், மதிப்பீடெல்லாம் முடிந்து ஜூலைச் சம்பளத்தோடுதான் வருகிறது என்று கொள்வோம். ‘வழங்கும் நாளில் பணியில் இருக்க வேண்டும், நோட்டீஸ் காலத்தில் இருக்கக் கூடாது’ என்ற நிபந்தனை கடிதத்தில் இருந்தால், முழு ஆண்டும் உழைத்து மே மாதம் பேப்பர் போட்டவருக்கு ஒரு பைசாவும் இல்லை. ‘பணியில் இருக்க வேண்டும்’ என்று மட்டும் இருந்தால் நோட்டீஸில் இருக்கிறவருக்கும் கிடைக்கும். நான்கே சொற்களின் விலை 80,640 ரூபாய்.

‘நிறுவனத்தின் முழு விருப்பத்துக்கு உட்பட்டது’ என்ற தொடர் இங்கேயும் வரும். இலக்கும் சூத்திரமும் எழுத்தில் இருந்து, அவற்றை எட்டியதும் ஆவணத்தில் இருந்தால் தொகையைக் கேட்டு வாதாட இடமுண்டு. எல்லாமே விருப்பத்துக்கு உட்பட்டது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவருக்கு அந்த இடம் மிகக் குறுகியது. வேரியபிளை மனக்கணக்கில் பாதியாக வைத்துக்கொண்டு சம்பளம் பேசுகிறவர்கள் பொதுவாக ஏமாறுவதில்லை.

கிளாபேக்

கொடுத்ததைத் திரும்பப் பெறும் உரிமையே கிளாபேக். ஜாயினிங் போனஸ், ஊர் மாறுவதற்கான செலவு, பழைய நிறுவனத்துக்குக் கட்டிய பையவுட் தொகை, பயிற்சிச் செலவு ஆகியவற்றுக்கு இது பொதுவாகப் பொருந்தும். குறித்த காலத்துக்குள் வேலையை விட்டால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். இந்தப் பத்தியில் நான்கு விவரங்கள் தெளிவாக இருக்க வேண்டும். மாதிரிக் கடிதத்தைப் போலப் பல கடிதங்களில் அவை தெளிவாக இருப்பதில்லை.

முதலாவது, முழுத் தொகையா விகிதமா. எட்டு மாதம் வேலை பார்த்துவிட்டுப் போகிறவர், மீதி நான்கு மாதத்துக்கு மட்டும் கணக்கிட்டால் 50,000 கட்டினால் போதும். முழுத் தொகை என்றால் பதினொன்றாவது மாதத்தில் விட்டாலும் ஒன்றரை லட்சம்தான். விகிதக் கணக்கு கேட்டால் ஒப்புக்கொள்ளும் நிறுவனங்கள் குறைவில்லை. கேட்கிறவர்கள்தான் குறைவு.

இரண்டாவது, யார் முறித்தால். ‘ராஜினாமா செய்தாலோ, ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டாலோ’ என்று இருந்தால் நியாயம். ‘எக்காரணத்தாலும் பணி முடிவுக்கு வந்தால்’ என்று இருந்தால், ஆட்குறைப்பில் நிறுவனமே அனுப்பினாலும் போனஸைத் திருப்பித் தர வேண்டும் என்று படிக்க இடமாகிறது. வேலையையும் பறிகொடுத்துப் பணத்தையும் கட்டும் நிலை அது. கையெழுத்துக்கு முன் மாற்றச் சொல்ல வேண்டிய வரிகளில் முதலிடம் இதற்குத்தான்.

மூன்றாவது, வரிக்கு முன்பா பின்பா. ஜாயினிங் போனஸ் சம்பளமாகவே கருதப்படும்; வரி பிடித்த பிறகுதான் கைக்கு வரும். அவரது வருமானத்தின் உச்சியில் 15 சதவீத வரி விழுகிறது என்று கொண்டால், 4 சதவீதக் கூடுதல் தீர்வையும் சேர்த்து 23,400 பிடிக்கப்பட்டு 1,26,600 வரும். திருப்பித் தரும்போது நிறுவனம் கேட்பது 1,50,000. அதே நிதியாண்டுக்குள் திருப்பிவிட்டால் சம்பளப் பிரிவு அந்த ஆண்டின் வரிக் கணக்கைச் சரிசெய்ய வழியுண்டு. செப்டம்பரில் வாங்கி அடுத்த ஜூனில் திருப்பினால் நடுவில் மார்ச் 31 கடந்துவிடுகிறது. வரி முந்தைய ஆண்டுக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. நோட்டீஸ் பணம் பிடித்தம் செய்யப்பட்ட சில வழக்குகளில் வருமான வரித் தீர்ப்பாயம் ஊழியர் பக்கம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் 23,400 ரூபாய்க்காகத் தீர்ப்பாயம்வரை போகிறவர் யார்? ‘வரி போகக் கையில் பெற்ற தொகை’ என்று கடிதத்திலேயே எழுதி வாங்குவது சுலபம்.

நான்காவது, 12 மாதம் எந்த நாளோடு முடிகிறது. பேப்பர் போட்ட நாளா, கடைசிப் பணிநாளா? நாள்காட்டி இங்கேதான் வேண்டும்.

நான்கு விதிகளும் சேரும் கோடைகாலம்

மாதிரிப் பொறியாளருக்குச் சேர்ந்த அடுத்த ஆண்டு ஜூனில் இன்னொரு வாய்ப்பு வருகிறது. ஜூன் 15 அன்று பேப்பர் போட்டால் 90 நாள் எண்ணிக் கடைசிப் பணிநாள் செப்டம்பர் 13. கிளாபேக் காலம் ஆகஸ்ட் 31 அன்று முடிகிறது. கடைசிப் பணிநாள்தான் கணக்கு என்றால் இவர் தப்பித்தார். பேப்பர் போட்ட நாள்தான் கணக்கு என்றால் ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும். அதோடு ஜூலையில் அவர் நோட்டீஸில் இருக்கிறார். வேரியபிள் 80,640 போகும். மொத்த இழப்பு 2,30,640 ரூபாய்.

கடைசிப் பணிநாள்தான் கணக்கு என்ற கடிதத்திலும் முழு நிம்மதி இல்லை. ‘நிறுவனம் விரும்பினால் முன்பே விடுவிக்கலாம்’ என்ற அந்தக் குட்டி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, ஜூலை 31 அன்றே நிறுவனம் விடுவித்துவிட்டால் கடைசிப் பணிநாள் 12 மாதத்துக்குள் வந்துவிடும். எல்லா நிறுவனமும் இப்படிச் செய்யும் என்றில்லை. செய்ய முடியும் என்பதற்குக் கடிதம் இடம் தருகிறது.

ஜூலைச் சம்பளத்தோடு வேரியபிள் வந்த பிறகு ஆகஸ்ட் 1 அன்று பேப்பர் போட்டால் 80,640 தப்பும். பேப்பர் போட்ட நாளை எண்ணும் கடிதமாக இருந்தால் போனஸ் தப்பாது. செப்டம்பர் 1வரை பொறுத்தால் இரண்டும் தப்பும். ஆனால் கடைசிப் பணிநாள் நவம்பர் 30க்குப் போய்விடும். புதிய நிறுவனம் டிசம்பர்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்காது என்றால், இழக்கும் தொகையைப் புதிய நிறுவனமே ஜாயினிங் போனஸாக ஈடுகட்டுமா என்று கேட்பது வழக்கம். அப்படி வரும் புதிய போனஸுக்கும் ஒரு கிளாபேக் இருக்கும். அங்கிருந்து அடுத்த ஓராண்டு எண்ணத் தொடங்க வேண்டியதுதான்.

நீதிமன்றம் எதுவரை வரும்

கையெழுத்திட்ட எல்லாவற்றையும் நீதிமன்றம் அப்படியே நிறைவேற்றித் தரும் என்று நினைக்க வேண்டியதில்லை. எதுவுமே செல்லாது என்று அசட்டையாக இருக்கவும் முடியாது. தனிமனித உழைப்பைச் சார்ந்த ஒப்பந்தத்தில், ஒருவரைக் கட்டாயமாக வேலை செய்ய வைக்க நீதிமன்றம் உத்தரவிடாது. அதிகபட்சம் பணத்தகராறாகவே அது முடியும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று தொகை குறித்திருந்தாலும், அந்தத் தொகைக்கு மிகாத நியாயமான இழப்பீட்டைத்தான் கேட்க முடியும் என்கிறது. குறித்த தொகை என்பது மேல்வரம்பு. இரண்டு வாரப் பயிற்சி கொடுத்துவிட்டு ஐந்து லட்சத்துக்குப் பாண்ட் எழுதி வாங்கும் நிறுவனத்துக்கு இந்தப் பிரிவு தடையாக நிற்கும்.

ஆனால் நியாயமான தொகை என்றால் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமும் நிற்கும். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். மூன்று ஆண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு சேர்ந்த அதிகாரி ஒருவர், காலம் முடியும் முன்பே வேறொரு வங்கிக்குப் போனார். எதிர்ப்பைப் பதிவுசெய்துவிட்டுப் பணத்தைக் கட்டி, பிறகு வழக்குத் தொடுத்தார். பொதுத்துறை வங்கி விளம்பரம் கொடுத்து, தேர்வு நடத்தி ஆள் எடுக்க வேண்டியிருக்கிறது. இடையில் ஆள் போனால் அதற்குச் செலவாகிறது. அந்தப் பதவியின் சம்பளத்தோடு பார்த்தால் இரண்டு லட்சம் மிகையில்லை என்று கூறி நிபந்தனையை நீதிமன்றம் ஏற்றது. பணிக்காலத்துக்குள் செயல்படும் இத்தகைய நிபந்தனை, தொழில் செய்யும் உரிமையைத் தடுக்கும் ஒப்பந்தங்களைச் செல்லாதவை ஆக்கும் 27ஆம் பிரிவுக்குள் வராது என்றும் சொன்னது. வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் ஓராண்டு சேரக் கூடாது என்று தடுக்கும் வரிகளின் கதை வேறு. அவற்றை அந்த 27ஆம் பிரிவின்படி இந்திய நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை.

கையில் வாங்கிய ஜாயினிங் போனஸைத் திருப்பிக் கேட்பது பாண்ட் பணத்தைவிட நிறுவனத்துக்கு எளிது. கொடுத்த பணத்தையே கேட்கிறது. இழப்பை நிரூபிக்கும் சுமை குறைவு. நடைமுறையில் நீதிமன்றம்வரை போவதும் அரிது. இறுதிக் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். போதவில்லை என்றால் பணம் கட்டும்வரை ரிலீவிங் லெட்டரை நிறுத்திவைப்பார்கள். அடுத்த நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பில் அந்தக் கடிதம் தேவைப்படும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியத் தொகுப்புச் சட்டம், வேலையை விட்டவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்கிறது. 45 நாள், 60 நாள் என்று இழுப்பதற்குக் கடிதத்தில் எழுதி வைத்திருக்கும் பழைய வரிகளுக்கு எதிராக இதைக் காட்டலாம்.

கையெழுத்துக்கு முன்

பேரம் பேசும் பலம் ஊழியரிடம் அதிகம் இருப்பது கடிதம் வந்த நாளுக்கும் அதை ஏற்கும் நாளுக்கும் இடையில்தான். பெரிய நிறுவனங்களில் 90 நாள் நோட்டீஸை ஒருவருக்காக மாற்ற மாட்டார்கள். அதற்காக மல்லுக்கட்டுவது வீண். கிளாபேக்கை விகிதக் கணக்காக்குவது, ‘எக்காரணத்தாலும்’ என்பதை ‘தாமாக ராஜினாமா செய்தால்’ என்று சுருக்குவது, வேரியபிளில் கொஞ்சத்தை மாதச் சம்பளத்துக்கு நகர்த்துவது போன்றவை மாறக்கூடியவை.

ஹெச்.ஆர். அதிகாரி தொலைபேசியில் ‘அதெல்லாம் நாங்கள் பிடிப்பதில்லை, சும்மா எழுதி வைத்திருக்கிறோம்’ என்று சொன்னால், அதையே மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். இதற்கு முன் பேசிய எதுவும் செல்லாது, இந்தக் கடிதமே முழு ஒப்பந்தம் என்ற வரி பெரும்பாலான கடிதங்களின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். ‘அவ்வப்போது திருத்தப்படும் நிறுவனக் கொள்கைகளுக்கு உட்பட்டு’ என்ற தொடர் இருந்தால் அந்தக் கொள்கை ஆவணங்களை, குறைந்தது வேரியபிள் பற்றியதையும் பணி விலகல் பற்றியதையும், முன்கூட்டியே வாங்கிப் படிக்க வேண்டும். வேலையில் சேர்ந்த பிறகுதான் காட்டுவோம் என்று சொல்கிற நிறுவனத்திடம், அந்த இரண்டு பக்கங்களையாவது தாருங்கள் என்று கேட்கலாம்.

ஏற்ற பிறகும் ஆஃபர் முழுதாகக் கைக்கு வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. பின்னணிச் சரிபார்ப்பு, பழைய நிறுவனத்தின் ரிலீவிங் லெட்டர், மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றுக்கு உட்பட்டே அது நிற்கும். சேரும் நாளுக்கு முன் நிறுவனம் ஆஃபரைத் திரும்பப் பெற்றால், வேலையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று நீதிமன்றத்தில் கேட்க முடியாது; இழப்பீடு கேட்கலாம், அது நீண்ட வழி. அதனால் திருத்தங்கள் சேர்ந்த புதிய கடிதம் கையெழுத்தோடு வந்து, சரிபார்ப்பில் முடிந்தவரை முடிந்த பிறகு பழைய நிறுவனத்தில் பேப்பர் போடுவதுதான் பாதுகாப்பான வரிசை. பேப்பர் போடும் அன்று பழைய கடிதத்தையும் எடுத்து, அதன் கிளாபேக் எந்தத் தேதியில் முடிகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.